மல்லி வாங்குவாரு, மல்லி வாங்குவாரா, என்ன வாங்குவாரு: தமிழ் வினாவின் சுருதியை அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

“மாமா மல்லி வாங்குவாரு” என்பது செய்தி. “மாமா மல்லி வாங்குவாரா?” என்பது ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினா. “மாமா என்ன வாங்குவாரு?” என்பது வினாச்சொல் வைத்துக் கேட்கும் வினா. இம்மூன்றையும் சொல்லும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைச் செவியால் மட்டும் அல்லாமல் அளவாலும் கண்டுகொள்ள விரும்பும் புதியவருக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். மொழியியல் படிக்கத் தொடங்கியிருப்பவருக்கும், பிறமொழியாளருக்குத் தமிழ்ப் பேச்சுக் கற்பிப்பவருக்கும் இது பயன்படும். ஒரு கணினி, ஓரளவு நல்ல ஒலிவாங்கி, விசிறியை நிறுத்திவிடக்கூடிய ஓர் அறை ஆகியவை போதும்.

அளக்கத் தொடங்குவதற்கு முன்பு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் செய்தி என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் இந்த வேலைக்கு வருகிறார்கள். தமிழுக்கு அந்த எண்ணம் பாதியளவே பொருந்தும். ஆ, ஏ, ஓ என்னும் மூன்றும் வினாவைக் காட்டும் எழுத்துகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது; சொல்லின் முதலில் வரும் எகரத்தையும் யாவையும் நன்னூல் அவற்றோடு சேர்க்கிறது. அதாவது, வினா என்பதைக் காட்டும் பொறுப்பைத் தமிழ் முதலில் எழுத்திடம் கொடுத்திருக்கிறது. “வாங்குவாரா” என்பதில் ஆகாரமும் “என்ன” என்பதில் எகரமும் அந்தப் பொறுப்பை நிறைவேற்றிவிடுகின்றன. எனவே, நாம் அளக்கும்போது கேட்க வேண்டியது, சுருதி வினாவைக் காட்டுகிறதா என்பதைவிட, எழுத்து ஏற்கெனவே காட்டிவிட்ட வினாவில் சுருதி எந்த இடத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதுதான்.

வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தல்

சுருதி என்பது குரல்நாண்கள் ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றன என்பதன் அளவு. அதை ஹெர்ட்ஸ் என்னும் அலகில் சொல்கிறோம். அதிர்வு இல்லாத ஒலியில் சுருதியும் இல்லை. க், ச், ட், த், ப் ஆகியவை சொல்லின் முதலிலோ இரட்டித்தோ வரும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. திரையில் சுருதிக் கோடு அங்கே அறுந்துபோகும். அதோடு, அத்தகைய மெய்யை அடுத்து வரும் உயிரின் தொடக்கம் இயல்பைவிடச் சற்று மேலே நிற்கும். “அக்கா கடைக்குப் போனாங்களா?” என்பது பேச்சில் மிக இயல்பான வாக்கியம்தான். ஆனால் அதை அளந்தால் நான்கைந்து துண்டுகளாக அறுந்த ஒரு கோடும், வினாவோடு தொடர்பில்லாத சில மேடுகளும்தான் கிடைக்கும்.

ஆகவே ம, ந, ண, ன, ய, ர, ல, வ, ள போன்ற, முழுக்க அதிரும் ஒலிகளால் ஆன சொற்களைத் தேடிக்கொள்ள வேண்டும். “மாமா மல்லி வாங்குவாரு” என்ற வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுவே. அதில் உள்ள வல்லினம் ஙகரத்தை அடுத்த ககரம் ஒன்றுதான். அதுவும் மெல்லினத்தை அடுத்து வருவதால் அதிர்வோடு ஒலிக்கிறது, கோடு அறுவதில்லை. மேலும், மூன்று வகைகளிலும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. செய்தியையும் முதல் வினாவையும் பிரிப்பது ஈற்றெழுத்து மட்டுமே. செய்தியையும் இரண்டாம் வினாவையும் பிரிப்பது “மல்லி”, “என்ன” என்னும் ஈரசைச் சொற்களின் மாற்றம் மட்டுமே. இப்படி ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்தால்தான், கோட்டில் காணும் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல முடியும்.

நீங்கள் வேறு வாக்கியம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பேச்சுத்தமிழில் அமையுங்கள். “மாமா மல்லிகை வாங்குவார்” என்று எழுத்துத்தமிழில் எழுதிக் கொடுத்தால், பேசுபவரின் நாக்கு செய்தி வாசிப்புக்கோ மேடைப் பேச்சுக்கோ மாறிவிடும்.

பதிவு செய்தல்

இந்தப் படியில்தான் வேலை மிகுதியாகக் கெடுகிறது. என் முதல் முயற்சியும் இங்கேதான் கெட்டது. பன்னிரண்டு வாக்கியங்களை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கோடுகளைப் பார்த்தபோது செய்தி வாக்கியங்கள்கூட ஈற்றில் ஏறி நின்றன. தமிழில் செய்தியும் ஏறித்தான் முடிகிறது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது புரிந்தது. மளிகைப் பட்டியலை வாசிக்கும்போது “அரிசி, பருப்பு, எண்ணெய்” என்று ஒவ்வொன்றையும் ஏற்றி நிறுத்துவோம் அல்லவா, அதே போல அவர் வாக்கியங்களைப் பட்டியலாக வாசித்திருந்தார். இன்னும் இருக்கிறது என்று காட்டும் ஏற்றம் அது. பன்னிரண்டாவது வாக்கியம் ஒன்றுதான் முறையாக இறங்கி முடிந்திருந்தது. உங்கள் பதிவிலும் கடைசி வாக்கியம் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், பட்டியல் வாசிப்பு நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதைத் தவிர்க்கத் தாளுக்குப் பதிலாகத் தனித்தனி அட்டைகளைப் பயன்படுத்துங்கள். ஓர் அட்டையில் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கட்டும். மூன்று வகைகளையும் கலைத்து அடுக்குங்கள்; இடையிடையே தொடர்பில்லாத சில வாக்கியங்களையும் சேருங்கள். முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் குறைந்தது ஐந்து முறையாவது, வெவ்வேறு சுற்றுகளில், பேச வையுங்கள்.

அட்டை மட்டும் போதாது, சூழலும் வேண்டும். “மாமா மல்லி வாங்குவாரு” என்பது எந்தக் கேள்விக்கு விடையாக வருகிறது என்பதைப் பொறுத்து அதன் சுருதி மாறும். “யாரு மல்லி வாங்குவாரு?” என்று கேட்டால், விடையில் “மாமா” தூக்கி ஒலிக்கும். “மாமா என்ன வாங்குவாரு?” என்று கேட்டால் “மல்லி” தூக்கி ஒலிக்கும். எந்தச் சொல்லும் தனியே தூக்கப்படாத பொதுவான செய்தி வேண்டுமானால், “சாயங்காலம் என்ன விசேஷம்?” என்பது போல, வாக்கியம் முழுவதையுமே விடையாக வேண்டும் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டு, அதற்கு அவர் விடை சொல்லுமாறு அமைக்க வேண்டும். அந்தக் கேள்வியை அட்டையின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். வினாக்களைப் பதியும்போதும் அப்படியே: உண்மையில் விடை தெரியாமல் கேட்பது போன்ற ஒரு சிறு நிலைமையை இரண்டு வரிகளில் சொல்லிவிட்டு, பிறகு பேசச் சொல்லுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் புர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ‘பிராட்’ என்னும் இலவச மென்பொருளே பேச்சொலி ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துவது. அதில் `New` பட்டியலில் `Record mono Sound...` என்பதைத் திறந்து, மாதிரி எடுக்கும் வேகம் 44100 என்று இருக்கிறதா என்று பார்த்துப் பதியலாம். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். கோப்பை WAV வடிவில் சேமியுங்கள்.

கோட்டைப் பார்த்தலும் அளத்தலும்

பதிவைத் தேர்ந்தெடுத்து `View & Edit` அழுத்தினால் ஒலியலை திரையில் தெரியும். `Pitch` பட்டியலில் `Show pitch` என்பதை இயக்கினால் நீல நிறத்தில் சுருதிக் கோடு தோன்றும். கோடு ஒழுங்காக வர, பேசுபவரின் குரலுக்கு ஏற்ற கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் `Pitch settings...` என்னும் இடத்தில் கொடுக்க வேண்டும். ஆண் குரலுக்கு 75 முதல் 300 வரை, பெண் குரலுக்கு 100 முதல் 500 வரை என்று தொடங்கி, பிறகு கோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியும் கோட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. செய்தியின் ஈற்றில் குரல் தாழும்போது பலருக்குத் தொண்டை கரகரக்கும். அங்கே மென்பொருள் இரண்டு அதிர்வுகளை ஒன்றாக எண்ணிவிடும். 120 ஹெர்ட்ஸில் வந்துகொண்டிருந்த கோடு திடீரென 60-க்கு விழும், அல்லது கீழ் எல்லைக்குக் கீழே போய் மறைந்துவிடும். குரல் உண்மையில் இறங்கும்போது கோடு சரிந்து இறங்கும். ஒரே தாவலில் சரிபாதியாக விழுந்தால் அது பெரும்பாலும் எண்ணிக்கைப் பிழை. அப்படிப்பட்ட இடத்தில், ஒலியலையைப் பெரிதாக்கி அதிர்வுகளை நீங்களே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. கரகரப்பு உண்மையிலேயே இருந்தால் அந்த இடத்தை அளக்காமல் விட்டு, அதற்கு முன் உள்ள தெளிவான இடத்தை அளக்க வேண்டும்.

“வாங்குவாரு” என்பதன் ஈற்று உகரத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். செய்தியில் அது மிகக் குறுகி, சில வேளை மூச்சாகவே கரைந்துவிடும்; கோடு அங்கே இராது. “வாங்குவாரா” என்பதன் ஈற்றிலோ நெட்டுயிரான ஆகாரம் நிற்கிறது. ஏறுவதற்கும், ஏறியபின் கொஞ்சம் இறங்குவதற்கும்கூட அதில் இடம் உண்டு. இது மிக நுட்பமான வேறுபாடு. வினா எழுத்தான ஆகாரம் பொருளைத் தருவதோடு, சுருதி விளையாடுவதற்கான நீளத்தையும் தருகிறது. அளக்கும்போது செய்தியில் ஈற்று “ரு”-வுக்கு முன் நிற்கும் “வா” என்னும் அசையின் பிற்பகுதியையும், வினாவில் “ரா” என்னும் அசையின் உச்சத்தையும் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சொல்லிலும் இரண்டு புள்ளிகள் போதும்: முதல் அசையின் உயிரில் மிகத் தாழ்ந்த இடம், சொல்லுக்குள் மிக உயர்ந்த இடம். வேண்டிய இடத்தில் சுட்டியை வைத்து F5 அழுத்தினால் அந்த இடத்தின் சுருதியைப் பிராட் எண்ணாகச் சொல்லும். வாக்கியத்தின் முடிவுக்கு மட்டும் மூன்றாவது புள்ளியாக ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெர்ட்ஸ் எண்களை வைத்து ஒருவரோடு ஒருவரை ஒப்பிட முடியாது. 100-இலிருந்து 150-க்கு ஏறும் ஆண் குரலும் 200-இலிருந்து 300-க்கு ஏறும் பெண் குரலும் செவிக்கு ஒரே அளவு ஏற்றமாகவே கேட்கும். கழித்துப் பார்த்தாலோ ஒன்று 50, மற்றொன்று 100. ஆகவே, விகிதத்தை எடுத்து அரைச்சுரமாக மாற்றுவது வழக்கம். ஆர்மோனியத்தில் வெள்ளை, கறுப்பு என்று பாராமல் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போகும் தூரமே ஓர் அரைச்சுரம். தொடங்கும் சுருதி f1, ஏறிச் சேரும் சுருதி f2 என்றால், கணக்கிடும் முறை இது:

```
12 * log2(f2 / f1)
```

விரிதாளில் எழுதுவதானால்:

```
=12*LOG(150/100,2)
```

இதற்கு விடை ஏறத்தாழ 7. சட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை உள்ள தூரம் அது. f1 என்னும் இடத்தில், அந்தப் பேச்சாளர் செய்தி வாக்கியங்களை முடிக்கும்போது தொடும் தெளிவான தாழ்ந்த எண்ணின் சராசரியை வைத்துக்கொண்டால், அதுவே அவருடைய ஆதாரசுருதி போல அமையும். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து எவ்வளவு மேலே என்று சொல்லிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

கணக்கு விளங்குவதற்காக, ஓர் ஆண் குரலின் ஆதாரம் 110 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பொதுவான செய்தியில் “மாமா” 150 வரை ஏறுகிறது, “மல்லி” 140 வரை ஏறுகிறது, வினைச்சொல் இறங்கி 110-இல் முடிகிறது என்று கொள்வோம். அரைச்சுரத்தில் இவை முறையே 5.4, 4.2, 0. இந்த எண்களைவிட அவற்றின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லும் தாழத் தொடங்கித் தன் முடிவை நோக்கி ஏறுகிறது. ஆனால் இரண்டாவது மேடு முதலாவதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. சிறு சிறு அலைகளாக எழுந்து எழுந்து, மொத்தத்தில் கீழ்நோக்கிச் சரியும் இந்த ஓட்டமே தமிழ்ச் செய்தி வாக்கியத்தின் அடிப்படை. ஆங்கிலத்தில் போல ஒரு சொல்லின் குறிப்பிட்ட அசையை அழுத்தி உயர்த்தும் வழக்கம் இங்கே இல்லாததால், முதல் அசையில் மேட்டைத் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் அது சொல்லின் பின்பகுதியில் இருக்கும்.

அதே குரலில் “மாமா மல்லி வாங்குவாரா?” என்னும் வினா. “மாமா” 145, “மல்லி” 140, “ரா” 175 என்றால், அரைச்சுரத்தில் 4.8, 4.2, 8.0. முன்பகுதி செய்தியைப் போலவே போகிறது. வேறுபாடு முழுவதும் வினைச்சொல்லில்தான் குவிந்திருக்கிறது. செய்தியில் இறங்கிக்கொண்டே போன இடத்தில் இங்கே குரல் “வாங்குவா” வரை தாழ்ந்து வந்து, ஆகாரத்தில் எட்டு அரைச்சுரம் எழுகிறது. சங்கீதம் தெரிந்தவர் சட்ஜத்திலிருந்து சுத்த தைவதம் என்று சொல்லிவிடுவார். எழுந்த பிறகு அப்படியே மேலே நிற்பதும் உண்டு, ஆகாரத்தின் பின்பாதியில் சற்று வளைந்து இறங்குவதும் உண்டு. ஆகவே “முடிவு எங்கே?” என்று மட்டும் அளந்தால், வளைந்து இறங்கிய வினாவைச் செய்தி என்று பிழையாகக் கணக்கிட நேரும். உச்சத்தையும் முடிவையும் தனித்தனியே குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

இனி “மாமா என்ன வாங்குவாரு?” என்னும் வினா. “மாமா” 140, “என்ன” 180, முடிவு 112 என்று கொள்வோம், அரைச்சுரத்தில் 4.2, 8.5, 0.3. மேடு வினாச்சொல்லில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் வினைச்சொல் தனக்கென்று ஓர் அலை எழுப்பாமல் தட்டையாகச் சரிந்து, செய்தி முடிந்த அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஈற்றை மட்டும் கேட்டால் இது செய்தியா வினாவா என்று சொல்ல முடியாது.

ஒரு பெண் குரலின் ஆதாரம் 190 என்றால், அதே எட்டு அரைச்சுர ஏற்றத்துக்கு அவர் ஏறத்தாழ 302 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டியிருக்கும். இந்த எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் பதிவில் ஏற்றம் நான்காகவும் வரலாம், பத்தாகவும் வரலாம். ஆர்வத்தோடு கேட்பவரின் குரல் அதிகம் ஏறும், சோர்ந்திருப்பவரின் குரல் குறைவாக ஏறும். ஒப்பிட வேண்டியது ஒரே பேச்சாளரின் மூன்று வாக்கியங்களில் மேடு எங்கே வருகிறது என்பதையே.

மேடு உண்மையில் எதனால் வந்தது என்று சோதித்தல்

“என்ன” மேலே நிற்பதைக் கண்டவுடன் முடிவு எழுதிவிட வேண்டாம். “என்ன” வினைச்சொல்லுக்கு நேர்முன்னே நிற்கிறது. அந்த இடமே எந்தச் சொல்லையும் தூக்கிக் காட்டக்கூடியது. ஆகவே “யாரு மல்லி வாங்குவாரு?” என்பதையும் பதியுங்கள். மேடு “யாரு”-வுக்கு நகர்ந்து, “மல்லி வாங்குவாரு” இரண்டும் அதன்பின் தாழ்ந்து போனால், மேடு வினாச்சொல்லைப் பின்தொடர்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

வினா எழுத்தான ஆகாரத்துக்கும் இதே சோதனை உண்டு. அது வினைச்சொல்லில் மட்டும் வருவதில்லை. “மாமாவா மல்லி வாங்குவாரு?” என்றால் வாங்குபவர் மாமாதானா என்று கேட்கிறோம், “மாமா மல்லியா வாங்குவாரு?” என்றால் வாங்குவது மல்லிதானா என்று கேட்கிறோம். இரண்டிலும் ஆகாரம் ஏறிய சொல்லில் மேடும் ஏறி, பின்னால் வருவது தாழ்ந்து இறங்கும். “வாங்குவாரா?” என்பதில் மேடு வாக்கியத்தின் ஈற்றில் வந்தது ஆகாரம் ஈற்றில் இருந்ததால்தான் என்பது இங்கே விளங்கும். ஆம்–இல்லை வினா என்றாலே ஈற்றில் ஏறும் என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிடுவது, “மாமாவா மல்லி வாங்குவாரு?” என்ற ஒரு வாக்கியத்தால் தவறாகிவிடும். அத்தகைய பாடத்தை நம்பிப் படித்த மாணவர் “வாங்குவாரு”-வையும் ஏற்றிச் சொல்லும்போது, கேட்பவருக்கு இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியது போலத் தோன்றும்.

இன்னும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. “மாமா என்ன வாங்குவாரு?” என்று நீங்கள் கேட்க, “மாமா மல்லி வாங்குவாரு” என்று அவர் விடை சொல்வதைப் பதிந்து, வினாவின் கோட்டையும் விடையின் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வினாவில் “என்ன” நின்ற இடத்தில் விடையில் “மல்லி” தூக்கி நிற்கும். இரண்டிலும் வினைச்சொல் தட்டையாக இறங்கும். உயரத்தில் சிறு வேறுபாடு இருக்கலாம். வடிவம் ஏறத்தாழ ஒன்றே. வினாச்சொல் வினாவின் சுருதி, தூக்கிச் சொல்லப்பட்ட செய்தியின் சுருதிக்கு நெருங்கிய உறவு என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று இல்லை. கேட்பதற்கும் விடை சொல்வதற்கும் நாம் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறோம்.

சுருதி மட்டுமே வேலை செய்யும் இடம்

எழுத்தின் துணை இல்லாமல் சுருதியே வினாவாக்கும் இடம் தமிழிலும் உண்டு. மாமா பூவே வாங்காதவர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர், அவர் மல்லி வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, “மாமா மல்லி வாங்குவாரு?” என்று வியப்போடு திருப்பிக் கேட்கிறார். ஆகாரமும் இல்லை, வினாச்சொல்லும் இல்லை. செய்தியில் கரைந்துபோகும் அந்த ஈற்று உகரம் இங்கே நீண்டு, கோடு தெளிவாக மேலே ஏறும். ஆகாரத்தின் ஏற்றம் குறைந்தாலும் வினா கெடாது. இந்த உகரத்தின் ஏற்றம் குறைந்தால் அது வெறும் செய்தியாகிவிடும்.

சரியாகக் காதில் விழாததால் “மாமா என்ன வாங்குவாரு?” என்று திரும்பக் கேட்கும்போதும் ஈறு ஏறும். புதிதாகக் கேட்கும் வினாவையும் திரும்பக் கேட்கும் வினாவையும் பிரிப்பது அந்த ஏற்றமே. பதிவில் சில “என்ன” வினாக்கள் மட்டும் ஈற்றில் ஏறியிருந்தால், பேசியவர் அதைத் திரும்பக் கேட்பதாக நினைத்துக்கொண்டாரா என்று அவரிடமே விசாரியுங்கள். ஐந்து சுற்றுகள் பதிந்த பிறகு இது அடிக்கடி நேரும். அதே கேள்வியை நான்காவது முறையாகக் கேட்பவருக்கு அது திரும்பக் கேட்பதாகத்தானே இருக்கும்.

இவற்றைச் செவியாலும் சோதிக்கலாம். பிராட்டில் ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுத்து `To Manipulation...` கொடுத்து, கிடைப்பதைத் திறந்தால், சுருதிக் கோடு புள்ளிகளாகத் தெரியும். அப்புள்ளிகளை இழுத்து உயர்த்தலாம், தாழ்த்தலாம். மாற்றிய சுருதியோடு அதே குரல் பேசும். முதலில் ஈற்று உகரம் தெளிவாகக் கேட்கும் ஒரு செய்தியை எடுத்து, ஈற்றுப் புள்ளிகளை மட்டும் ஏழெட்டு அரைச்சுரம் உயர்த்திப் பக்கத்தில் இருப்பவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அது வியப்பு வினாவாகக் கேட்கும். பிறகு “வாங்குவாரா?” என்பதை எடுத்து, ஆகாரத்தின் ஏற்றத்தை முழுக்க அழித்து, செய்தியைப் போல இறக்கிவிடுங்கள். அது அப்போதும் வினாவாகவே கேட்கும். ஆனால் விசாரணை அதிகாரி கேட்பது போன்ற இறுக்கம் வந்துவிடும்.

எல்லைகள்

ஒரு வட்டாரத்தில் கண்டதை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. யாழ்ப்பாணப் பேச்சில் ஓகாரமும் வினாவுக்கு இயல்பாக வருகிறது, “வாங்குவாரா?” என்று சென்னையில் கேட்பதை அங்கே “வாங்குவாரோ?” என்று கேட்பதுண்டு. சென்னையில் அதே “வாங்குவாரோ” ஐயத்தைக் காட்டும். சுருதியும் வேறாக அமையும். இரு ஊர்ப் பதிவுகளை ஒரே சராசரியில் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு கோடு கிடைக்கும். பேசுபவர் எந்த ஊரில் வளர்ந்தார் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

“அவரா வாங்குவாரு!” என்று மறுப்பாகச் சொல்வதும், “மல்லி வாங்குவாரா முல்லை வாங்குவாரா?” என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதும் ஆகாரம் உள்ளவையே, ஆனாலும் அவை ஆம்–இல்லை வினாக்கள் அல்ல. முன்னதில் எதிர்பார்க்கும் விடையே இல்லை. பின்னதில் முதல் ஆகாரம் ஏறி நிற்க, இரண்டாவது இறங்கி முடியும். இவற்றை முதல் சுற்றில் சேர்க்காமல் தனிக் கோப்பில் வையுங்கள். மூன்று அடிப்படை வாக்கியங்களை ஐந்து பேரிடம், ஆளுக்கு ஐந்து முறை பதிந்து அளந்து முடித்தால் எழுபத்தைந்து கோடுகள் கையில் இருக்கும். அவற்றை அச்சிட்டு, எந்தக் கோடு எந்த வகை என்பதை மறைத்துவிட்டு, மேடு நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து நீங்களே மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள். எந்தக் கோடு தவறான குவியலில் விழுகிறதோ அந்தப் பதிவை மறுபடி காதால் கேளுங்கள். பேசியவர் எதைத் தூக்கிச் சொல்ல நினைத்தார் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.